பெரியவர்கள் இருக்கும் குடும்பக் குழு: தமிழ் எழுத்தா, ஆங்கில எழுத்தா?

`Mamikku kal vali, nale kalai Thuckalay porom` என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வருகிறது. `kal` என்பது காலா, கல்லா? முட்டுவலிக்கும் சிறுநீரகக் கல்லுக்கும் போகும் மருத்துவர் வேறு, வீட்டில் எழும் பதற்றமும் வேறு. அடுத்த சொல்லை வலி, வழி, வாளி என்று எப்படியும் வாசிக்கலாம். இளையவர்கள் மொத்தச் செய்தியையும் ஒரே பார்வையில் பிடித்துக்கொள்வார்கள். எழுத்துக்கூட்டி வாசிக்கும் எழுபது வயதுக்காரர் ஒவ்வொரு சொல்லிலும் நின்று யோசிக்க வேண்டும். `Thuckalay` வேறு அதே வரியில் அரசு எழுத்துக்கூட்டலில் நிற்கிறது. பஸ் போர்டில் தக்கலை என்று பார்த்துப் பழகியவருக்கு அது தனிப் புதிர்.

ஆங்கில எழுத்தில் குறில் நெடிலை யாரும் ஒழுங்காகக் காட்டுவதில்லை. ல, ள மட்டுமல்ல, பலர் கையில் ழவும் `l` ஆகிவிடுகிறது. எது சரியான சொல் என்று முடிவு செய்யும் வேலை வாசிப்பவர் தலையில் விழுகிறது. தமிழ் எழுத்தில் அதே வேலையை எழுதுபவரே முடித்துவிடுகிறார். கண்ணும் கையும் நன்றாக இருப்பவர்தான் அதைச் செய்ய வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

அதற்குத் தமிழ் விசைப்பலகை பழக வேண்டியதில்லை. Gboard அமைப்புகளில் மொழிகள் பகுதிக்குப் போய்த் தமிழைச் சேர்த்து, `abc → தமிழ்` வகையைத் தேர்ந்தெடுத்தால் போதும். `vali` என்று அடித்தால் மேலே சொற்கள் வரிசையாக வரும், வேண்டியதைத் தொட வேண்டும். தவறு நடப்பதும் அங்கேதான். ஸ்பேஸ் தட்டியதும் முதல் சொல்லே விழுந்துவிடும். வழி கேட்ட இடத்தில் வலி போய்விடும். `vazhi` என்று முழுதாக அடித்தால் இது பெரும்பாலும் தவிரும். அனுப்புமுன் ஊர்ப்பெயரையும் நேரத்தையும் மட்டுமாவது ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். நேரத்தை `elu mani` என்று விடாமல் 7 என இலக்கத்தில் எழுதுவது இரண்டு முறைக்கும் நல்லது.

தமிழ் எழுத்து எல்லா முதியவருக்கும் பொருந்தும் என்று எண்ணிவிடக் கூடாது. நம் கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தில் இருந்தது. அன்று மலையாளப் பள்ளியில் படித்தவர்கள் விளவங்கோடு, கல்குளம் பக்கம் இன்றும் இருக்கிறார்கள். தமிழ் சரளமாகப் பேசுவார்கள், தமிழ் எழுத்து தடுமாறும். அவர்களுக்கு இரண்டுமே உதவாது. அதே செய்தியை அரை நிமிடக் குரல்பதிவாகவும் போடுங்கள். திருவனந்தபுரத்திலோ வளைகுடாவிலோ வளர்ந்து தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் இருந்தால், தமிழ் வரிக்குக் கீழே ஆங்கில எழுத்தில் ஒரு வரி சேர்க்கலாம்.

`sari`, `vanthachu` போன்ற ஒற்றைச்சொல் பதில்களுக்கு ஆங்கில எழுத்தே போதும். பெரியவர்கள் எந்த எழுத்தில் பதில் போட்டாலும் திருத்த வேண்டாம். ஆஸ்பத்திரி, அடக்கம், கல்யாண நாள் ஆகிய மூன்றையும் தமிழில் எழுதுங்கள். பிறகு தேடும்போதும் அது கைகொடுக்கும்: `kalyanam`, `kalyaanam`, `kallyanam` என்று மூன்று பேர் மூன்று விதமாக எழுதியதைத் தேடல் ஒன்றாகக் காட்டாது, தமிழில் எல்லோரும் கல்யாணம் என்று ஒரே மாதிரி எழுதுவதால் தேடுவது எளிது.