வாட்ஸப் போட்டோவைப் பார்த்து லைசென்ஸுக்கு அரபு மொழிபெயர்ப்பா? கொடுப்பதற்கு முன் இதைப் படியுங்கள்

ரியாத்தில் வேலைக்குப் போன என் தம்பிக்கு, இங்கே எடுத்த டிரைவிங் லைசென்ஸை அங்கே மாற்ற அரபு மொழிபெயர்ப்பு தேவைப்பட்டது. சென்னை மண்ணடிப் பக்கம் கல்ஃப் பேப்பர் வேலை பார்க்கும் ஓர் அலுவலகத்தில் கேட்டேன். "கார்டு வேண்டாம் சார், ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் போடுங்க, சாயங்காலம் சீல் போட்டுத் தர்றோம். அங்கே எல்லா இடத்திலும் செல்லும்" என்றார்கள். சொன்னபடி சாயங்காலமே தாள் வந்தது. ரியாத்தில் கவுண்ட்டரில் இருந்தவர் கார்டையும் தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

திருவல்லிக்கேணியில் அரபு சொல்லித்தரும் ஒரு ஹஜ்ரத்திடம் அந்தத் தாளைக் காட்டினேன். அவர் வரி வரியாகப் படித்துச் சொன்னபோதுதான் என்னென்ன கோளாறு என்று தெரிந்தது.

முதல் கோளாறு தேதியில். தம்பி 2011இல் பைக் லைசென்ஸ் எடுத்தான், 2013இல் கார் சேர்த்தான், முகவரி மாற்றியதால் 2022இல் புது கார்டு வந்தது. கார்டின் முன்பக்கத்தில் வழங்கிய தேதி 2022; முதலில் வழங்கிய தேதி தனியாக 2011 என்று இருக்கிறது. பின்பக்க அட்டவணையில் ஒவ்வொரு வண்டி வகைக்கும் அதனதன் தேதி இருக்கிறது. மொழிபெயர்த்தவர் அட்டவணையை விட்டுவிட்டு, எல்லா வகைக்கும் சேர்த்து ஒரே தேதியாக 2022ஐ எழுதிவிட்டார். தாளை மட்டும் பார்த்தால், பல வருடம் கார் ஓட்டியவன் 2022இல்தான் ஓட்டக் கற்றவன் மாதிரி இருக்கிறது.

வண்டி வகையிலும் இதே கதைதான். அவனிடம் இருப்பது எம்.சி.டபிள்யூ.ஜி., எல்.எம்.வி., டிரான்ஸ் என மூன்று. எம்.சி.டபிள்யூ.ஜி. என்றால் கியர் உள்ள பைக். எல்.எம்.வி. என்றால் நம் சட்டப்படி 7,500 கிலோவுக்கு மேல் போகாத இலகு ரக வண்டி. டிரான்ஸ் என்பது வாடகைக் கார், சரக்கு வண்டி போன்ற போக்குவரத்து வண்டிகளுக்கான அனுமதி. கார்டில் 'கனரக' என்ற சொல்லே கிடையாது. ஆனால் தாளில் 'கனரகப் போக்குவரத்து' என்று இருந்தது. பைக்கைக் காணவே காணோம். கார்டில் உள்ளதை அப்படியே விரித்து எழுதுவதுதான் மொழிபெயர்ப்பாளர் வேலை. அங்குள்ள எந்த வகைக்கு இது சமம் என்று முடிவு செய்வது அங்குள்ள அதிகாரியின் வேலை.

என்னை அதிகம் கோபப்படுத்தியது நிபந்தனைப் பகுதிதான். கார்டின் பின்பக்கத்தில் 'இன்வாலிட் கேரேஜ்' என்று ஒரு கட்டம் உண்டு. மாற்றுத்திறனாளிக்காக மாற்றியமைத்த வண்டியின் பதிவு எண்ணுக்கான இடம் அது. தம்பி கார்டில் அது காலி. தாளில் அந்தத் தலைப்பை 'செல்லாத வண்டி' என்ற பொருளில் அரபியில் எழுதி, கட்டம் காலி என்றும் குறிக்காமல் விட்டிருக்கிறார்கள். அடுத்த வரியோடு சேர்த்துப் படித்தால் லைசென்ஸுக்கே ஏதோ தடை இருப்பது போலத் தெரிகிறது. காலிக் கட்டம் என்றால் 'பதிவு ஏதும் இல்லை' என்று எழுத வேண்டும்.

போட்டோவால் வந்த கோளாறும் ஒன்று உண்டு. பிளாஷ் வெளிச்சம் கார்டின் பளபளப்பில் பட்டு, லைசென்ஸ் எண்ணில் இருந்த ஒரு 3 பாதி மறைந்திருந்தது. தாளில் அது 8 ஆகியிருந்தது. தெளிவில்லாத இடத்தில் வேறு போட்டோ கேட்க வேண்டும், இல்லையென்றால் 'படிக்க இயலவில்லை' என்று குறிக்க வேண்டும். இவர்கள் ஊகித்துப் போட்டுவிட்டார்கள்.

அரபு தெரியாவிட்டாலும் எண்களை நாமே சரிபார்க்கலாம். அரபு எண்களில் 0 வெறும் புள்ளி. நம் பூஜ்யம் போல வட்டமாக இருப்பது 5. இந்த இரண்டையும் மாற்றிப் படித்துவிடாதீர்கள். ஹஜ்ரத் இன்னொன்றும் சொன்னார்: வலமிருந்து இடமாகப் போகும் வரியில் நாளும் மாதமும் இடம் மாறிப்போக வாய்ப்பு உண்டு, அதனால் மாதத்தை எழுத்தில் எழுதச் சொல்வது நல்லது. அங்கே ஹிஜ்ரி கணக்கும் உண்டு என்பதால், இது ஆங்கில வருடம் என்ற குறிப்பும் தேதியோடு இருக்க வேண்டும்.

இன்னொரு விஷயம், சென்னை அலுவலகத்தின் சீலே அங்கே போதாது. சவூதியில் அங்கே அனுமதி பெற்ற மொழிபெயர்ப்பு மையத்தின் தாளைக் கேட்கிறார்கள். துபாய் என்றால் ஐக்கிய அரபு அமீரக நீதி அமைச்சகத்தின் உரிமம் பெற்ற சட்ட மொழிபெயர்ப்பாளர் வேண்டும். எனவே இங்கே பணம் கட்டும் முன், லைசென்ஸ் மாற்றப் போகும் இடத்தில் யாருடைய தாள் செல்லும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "நீங்க அனுப்பின போட்டோதானே சார்" என்று சொல்லிக் கையை விரித்துவிட்டார்கள். அப்புறம் கார்டின் இரண்டு பக்கத்தையும் ஸ்கேனரில் எடுத்து, அரசின் பரிவாகன் சாரதி தளத்தில் வகைவாரியாகத் தேதி வரும் பக்கத்தையும் பிரிண்ட் எடுத்து அனுப்பினோம். ரியாத்தில் அனுமதி பெற்ற மையம் ஒன்றில் தம்பி அதைக் கொடுத்தான். இந்த முறை மூன்று வகையும் அதனதன் தேதியோடு தனித்தனி வரியாக வந்தன. கவுண்ட்டரில் தாளை வாங்கிக்கொண்டார்கள்.