லாபம் எங்கே கூடியது? ஒரே கணக்குக்கு இரண்டு வாட்டர்ஃபால் சார்ட்

வியாசர்பாடியில் ஒரு பட்டறை, காசிமேட்டு மீன் வியாபாரிகளுக்கு பிளாஸ்டிக் கிரேட் செய்து தருகிறது என்று வைத்துக்கொள்வோம். போன வருஷம் 10,000 கிரேட், ஒன்று 400 ரூபாய். மூலப்பொருளும் கரண்டும் சேர்த்து ஒன்றுக்கு 300 ரூபாய் செலவு. வாடகை, சம்பளம் 6 லட்சம். லாபம் 4 லட்சம். இந்த வருஷம் 12,000 கிரேட், விலை 430, செலவு 325, வாடகை சம்பளம் 6.6 லட்சம். லாபம் 6 லட்சம். கூடிய 2 லட்சம் எதனால் வந்தது? போன வருஷ லாபத்தில் தொடங்கி, ஒவ்வொரு காரணத்துக்கும் ஏறுகிற அல்லது இறங்குகிற ஒரு பட்டை போட்டு, இந்த வருஷ லாபத்தில் முடிக்கிற வாட்டர்ஃபால் சார்ட் இதைத்தான் காட்டுகிறது.

பலர் போடும் முதல் வகை: கூடுதலாக விற்ற 2,000 கிரேட்டை விலையால் பெருக்கி, அளவுக்கு +8 லட்சம். விலை உயர்வுக்கு +3.6 லட்சம். செலவுப் பட்டை −9 லட்சம், வாடகை சம்பளம் −0.6 லட்சம். கூட்டினால் சரியாக 2 லட்சம் வருகிறது. ஆனால் அந்த 9 லட்சத்தில் 6 லட்சம், கூடுதல் 2,000 கிரேட்டைச் செய்யத்தான் ஆனது. சார்ட்டைப் பார்க்கிற முதலாளி, செலவு கைமீறிப் போய்விட்டது என்று பர்ச்சேஸ் ஆளைப் பிடித்துக்கொள்வார்.

இரண்டாவது வகையில் அளவை விலையால் அல்ல, போன வருஷ மார்ஜினால் (400−300) பெருக்குகிறோம். B பத்தியில் போன வருஷம், C பத்தியில் இந்த வருஷம். 2 முதல் 5 வரையான வரிசைகளில் அளவு, விலை, ஒன்றுக்கான செலவு, வாடகை சம்பளம்:

```
=(C2-B2)*(B3-B4)
=(C3-B3)*C2
=-(C4-B4)*C2
=-(C5-B5)
```

வருவது +2, +3.6, −3, −0.6 லட்சம். கூட்டினால் இதுவும் 2 லட்சம்தான். ஆனால் இங்கே செலவுப் பட்டை, கிரேட்டுக்கு 25 ரூபாய் ஏறியதை மட்டும் காட்டுகிறது. என் ஓட்டு இதற்கே. விலைப் பட்டையை யார் வேண்டுமானாலும் பில் புத்தகத்தில் சரிபார்க்கலாம்: 30 ரூபாய், 12,000 கிரேட்.

விலையையும் செலவையும் போன வருஷ அளவான 10,000-ஆல் பெருக்குபவர்களும் உண்டு. அப்போது அவை +3, −2.5 ஆகும், அளவை இந்த வருஷ மார்ஜின் 105-ஆல் பெருக்கி 2.1 என்று போட வேண்டும். அங்கேயும் 100-ஐயே வைத்தால் 10,000 ரூபாய் இடிக்கும். அதை ‘இதர’ என்று ஒரு பட்டையில் ஒளிக்காதீர்கள். எந்த முறையானாலும் வருஷா வருஷம் மாற்றாமல் இருந்தால்தான் போன வருஷ சார்ட்டோடு ஒப்பிட முடியும்.

கிரேட்டில் இரண்டு மூன்று சைஸ் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனியாகக் கணக்கிட்டுக் கூட்டுங்கள். சராசரி விலையை வைத்தால், சின்ன சைஸ் அதிகம் விற்றதைக்கூட விலை குறைந்ததாகவே சார்ட் காட்டும்.

எக்செல் 2016 முதல் Waterfall சார்ட் உள்ளேயே இருக்கிறது. கடைசிப் பட்டையில் ரைட் கிளிக் செய்து Set as Total கொடுக்க மறந்தால், 6 லட்சம் ஏற்கெனவே இருக்கிற 6 லட்சத்தின் மேல் ஏறி 12 லட்சத்தில் போய் நிற்கும்.