ஏசிக்கு எவ்வளவு, கரியருக்கு எவ்வளவு: மூன்று வருடக் கொப்பிக் கணக்கு

2022இல் கியூஆர் கோட்டா வந்து காருக்கு வாரம் 20 லீற்றர் என்றானபோதுதான் பெற்றோல் அடிக்கும் ஒவ்வொரு முறையும் கொப்பியில் குறிக்கத் தொடங்கினேன். அடுத்த வருடம் கோட்டா போய்விட்டது, பழக்கம் போகவில்லை. கார் 1500 சிசி, ஆட்டோ கியர், ஜப்பானில் பாவித்து வந்த செடான். நாங்கள் நான்கு பேர். மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு வருடத்தில் ஐந்தாறு தடவையாவது போய் வருவோம்.

முதல் வருடக் கணக்கு முழுவதும் பிழை. “ஏசி போட்டால் லீற்றருக்கு இரண்டு கிலோமீற்றர் குறையும், கூரையில் கரியர் போட்டால் ஒன்று குறையும்” என்று எழுதி, இரண்டையும் கூட்டி மூன்று என்று வைத்திருந்தேன். லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் என்ற கணக்கை அப்படிக் கூட்டவும் கழிக்கவும் முடியாது. 16இலிருந்து 14ஆகக் குறைவதும் 10இலிருந்து 8ஆகக் குறைவதும் ஒரே இரண்டுதான், ஆனால் 100 கிலோமீற்றருக்கு முதலாவதில் 0.9 லீற்றர் கூடுகிறது, மற்றதில் 2.5 லீற்றர். அதன் பிறகு எல்லாவற்றையும் 100 கிலோமீற்றருக்கு எத்தனை லீற்றர் என்று மாற்றி எழுதினேன்.

இரண்டாவது பிழை இதைவிடப் பெரியது. ஏசியையும் கிலோமீற்றர் கணக்கிலேயே வைத்திருந்தேன். ஏசி கொம்பிரசருக்குக் கார் ஓடுகிறதா நிற்கிறதா என்று கவலை இல்லை. அது குடிப்பது மணிக்கணக்கில். கூரைச் சாமானும் வேகமும் குடிப்பதுதான் கிலோமீற்றர் கணக்கில்.

இதைப் பார்க்க ஸ்டியரிங்குக்குக் கீழே செருகும் சின்ன ஓபிடி பிளக் ஒன்று வாங்கினேன். இஞ்சினுக்குள் போகும் காற்றை வைத்து மணிக்கு எத்தனை லீற்றர் எரிகிறது என்று போனில் காட்டும். அது நேரடி அளவு இல்லை, ஊகம்தான். ஃபுல் டாங்க் அடித்து ஒப்பிட்டதில் எனக்கு அது ஆறு வீதம் குறைவாகக் காட்டியது. அதைத் திருத்திப் பார்த்தால், நிறுத்தி வைத்த காரில் ஏசி இல்லாமல் மணிக்கு 0.7 லீற்றர், ஏசியுடன் 1.2. ஆக ஏசிக்கு மட்டும் சுமார் அரை லீற்றர். இது மத்தியான வெயிலில். கொம்பிரசர் கிளச் ‘டக்’ என்று பிடிக்கும்போது இஞ்சின் கொஞ்சம் அமுங்கி எழும்பும், விடும்போது இலேசாகும். வாவிக்கரைப் புழுக்கத்தில் அது விடுவதே அபூர்வம். காற்றிலுள்ள ஈரத்தைத் தண்ணீராக்கவே பாதிப் பாடு போகிறது, காருக்குக் கீழே சொட்டுகிறதே, அதுதான். உட்காற்றையே சுற்றவிடும் பட்டனை அழுத்திப் பத்து நிமிடம் போனால் ‘டக்’ சத்தம் இடைவெளி விட்டு வரத் தொடங்கும். ராத்திரியில் அரை லீற்றர் கால் லீற்றராகும்.

காற்றுத் தடை வேறு விதம். அது வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். 70இலிருந்து 100க்குப் போனால் அதே தூரத்தைக் கடக்கக் காற்றைத் தள்ளும் வேலை இரண்டு மடங்கு. டயர் உருளும் தடை அப்படி ஏறாது. அதனால் மொத்தச் செலவு இரண்டு மடங்காகாது. என் காரில் ஏசி இல்லாமல் சீராக 70இல் போக 4.5 லீற்றர், 100இல் போக 5.9. கரியரில் தறப்பாள் போட்டுக் கட்டிய மூட்டை 70இல் அரை லீற்றரையும், 100இல் ஒரு லீற்றரையும் கூட்டுகிறது. பாரத்தால் இல்லை, உருவத்தால். மாமா தரும் அரிசி மூட்டையை டிக்கிக்குள் வைத்தால் சமதரையில் அதன் செலவு கண்ணுக்கே தெரியாது. கூரையில் வைத்தால்தான் தெரியும்.

போன ஓகஸ்ட் பயணத்தை முழுதாகப் போட்டுப் பார்த்தேன். ஓட்டமாவடி, வெலிக்கந்தை, ஹபரணை, தம்புள்ளை, குருநாகல், அங்கிருந்து மீரிகமை வரை அதிவேகப் பாதை, பிறகு கொழும்பு. 315 கிலோமீற்றர், ஓட்டம் ஏழு மணித்தியாலம். கரியரில் இரண்டு பாய்ச் சுருளும் ஒரு பெரிய பையும்.

ஒன்றுமில்லாமல் இந்தப் பாதையில் என் காருக்கு 19.5 லீற்றர் போகும் என்பது பழைய பதிவுகளில் இருந்தது. ஏசிக்கு 3.8 லீற்றர். கூரைச் சாமானுக்கு மொத்தமாக 1.5. அதிவேகப் பாதையில் 70க்குப் பதிலாக 100இல் போனதற்கு, அந்த 40 கிலோமீற்றருக்கு, 0.6 தான். பிறகு ஹபரணையில் பிள்ளைகள் நித்திரை என்று இஞ்சினை ஓடவிட்டு 40 நிமிடம் நின்றோம். அதில் வெறும் இஞ்சினுக்கே 0.45 லீற்றர், அதன் ஏசிப் பங்கு ஏற்கெனவே மேலே சேர்ந்துவிட்டது. இரண்டையும் சேர்த்தால் 0.8. அதிவேகப் பாதையில் நான் பயந்து பயந்து அழுத்திய வேகத்தைவிட மரத்தடியில் நின்றதற்கு அதிகம் எரிந்திருக்கிறது!

கூட்டினால் ஏறத்தாழ 25.9. கொழும்பில் அடித்தபோது 26.9 ஏறியது. மிச்ச ஒரு லீற்றர் எங்கே போனது? எனக்குத் தோன்றியது கச்சான் காற்று. அந்தக் காலத்தில் மேற்கிலிருந்து அடிப்பது, நாங்கள் போனதும் மேற்கு நோக்கி. 70இல் போகும்போது எதிர்க்காற்று 20 என்றால் காற்றுக்கு நாம் 90இல் போகிறோம். திரும்பி வரும்போது சாமான் இல்லை, வெறும் கரியர் மட்டும் விசில் அடித்துக்கொண்டு வந்தது. அதற்குக் கணக்கு 24 வந்தது, ஏறியதோ 23.4. பின்காற்று தள்ளியிருக்கிறது. அதனால் ஒரு பக்கம் மட்டும் ஓட்டிப் பார்த்து “இந்தக் கரியர் இவ்வளவு குடிக்கிறது” என்று யாரும் சொன்னால் நான் நம்புவதில்லை.

ஃபுல் டாங்க் முறையிலும் பிழை இருக்கிறது. துப்பாக்கி ‘கிளிக்’ என்று நிற்பது செட்டுக்குச் செட் மாறும், கார் சரிவில் நின்றாலும் மாறும். ஒரு லீற்றர் வரை அங்கேயே தவறலாம். 100 கிலோமீற்றரில் அரை லீற்றர் வித்தியாசத்தை அதில் பிடிக்கவே முடியாது. அதனால் வழக்கமான கணக்குக்கு நான் ஒரே செட், ஒரே பம்ப், முதல் கிளிக்கோடு நிறுத்துவது, 600 கிலோமீற்றராவது ஓடிய பிறகு கணக்குப் பார்ப்பது என்று வைத்திருக்கிறேன். டயர் காற்றைக் காலையில் குளிராக இருக்கும்போதே பார்ப்பேன். அது குறைந்திருந்தால் எல்லாக் கணக்கும் குழம்பிவிடும்.

ஏசியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு ஓடவும் பார்த்தேன், வெலிக்கந்தை நேர் ரோட்டில். “நீங்க பெற்றோல எண்ணிக்கொண்டு வாங்க, பிள்ளை வேர்த்து ஒழுகுது” என்றா மனைவி. அத்தோடு அந்தச் சோதனை முடிந்தது. ஊருக்குள் மெதுவாக ஓடும்போது அது இலாபம்தான், ஆனால் பயணத்தில் ஏசியை விட்டுக்கொடுக்க வீட்டில் யாரும் தயாரில்லை. விட்டுக்கொடுத்தது கரியரைத்தான். நான்கு நட்டு, பன்னிரண்டாம் நம்பர் ஸ்பானர், கால் மணித்தியால வேலை. இப்போது அது கொல்லைப்புறச் சுவரில் சாய்ந்திருக்கிறது, மனைவி அதில் வற்றல் காய வைக்கிறா. ஹபரணையில் இஞ்சினையும் நிறுத்துகிறோம், பிள்ளைகள் பத்து நிமிடம் சிணுங்கிவிட்டு மரத்தடிக் கடையில் இளநீர் கேட்பார்கள்.