நியூட்ரல் கழன்றால்: லோடு பிரிப்பதா, எர்த் கட்டுவதா, ரிலே வைப்பதா?

மூன்று தளம் உள்ள வீடு. தளத்துக்கு ஒரு பேஸ்: கீழே ஆர், நடுவில் ஒய், மேலே பி. கீழே கீஸரைப் போட்டால் கீழ்த்தள விளக்கு மங்குகிறது, அதே நொடியில் மேல் தளங்களில் பளீரென்று எரிகிறது என்று கூப்பிட்டார்கள். எல்லாம் மங்கினால் வேறு காரணம் தேடலாம். ஒரு பக்கம் மங்கி மறுபக்கம் வெளிச்சம் கூடினால் முதல் சந்தேகம் நியூட்ரல் மேல்தான். போய்ப் பார்த்தால் மீட்டர் போர்டில் நியூட்ரல் லிங்க்கின் திருகு தளர்ந்து, வயரின் உறை பழுப்பேறிக் கிடந்தது.

கணக்குக்கு ஆர் பேஸில் 10 ஆம்பியர், மற்ற இரண்டிலும் 2, 2 என்று வைத்துக்கொள்வோம். நியூட்ரல் நன்றாக இருந்தால் மிச்சம் 8 ஆம்பியர் அதன் வழியே திரும்பிவிடும், மூன்று பேஸிலும் 230 வோல்ட் நிற்கும். தளர்ந்த இணைப்பில் 5 ஓம் தடை வந்துவிட்டால் நியூட்ரல் புள்ளி 31 வோல்ட் நகர்ந்து, ஆரில் 199, மற்றவற்றில் 247 வரும். முழுசாக அறுந்தால் ஆரில் வெறும் 99 வோல்ட், ஒய், பி இரண்டிலும் 317. லோடு அதிகமுள்ள பேஸ் தப்பிக்கும், டிவியும் பிரிட்ஜும் மட்டும் ஓடுகிற பேஸ் எரியும். ஓவர் கரண்ட் இல்லாததால் எம்.சி.பி. விழாது. லீக்கேஜும் இல்லாததால் ஆர்.சி.சி.பி.யும் விழாது.

சரி, என்ன செய்யலாம்?

பலரும் முதலில் சொல்வது லோடைச் சமமாகப் பிரிப்பது. அதே 14 ஆம்பியரை 4, 5, 5 என்று பிரித்திருந்தால் நியூட்ரல் அறுந்தும் ஆரில் 246, மற்றவற்றில் 222தான் வரும். பெரிய வித்தியாசம்தான். ஆனால் இந்தச் சமநிலை போர்டில் மட்டும் இருப்பது. இரவில் ஒரே ஒரு ஏசி 8 ஆம்பியர் இழுத்து, மற்ற இரண்டு பேஸிலும் அரை ஆம்பியர் மட்டும் இருந்தால் அவை 366 வோல்ட்டுக்கு ஏறும். லோடு பிரிப்பது நல்ல பழக்கம், நியூட்ரல் சூட்டைக் குறைக்கும். ஆனால் அதையே பாதுகாப்பு என்று நம்ப மாட்டேன்.

அடுத்தது, நியூட்ரலை வீட்டு எர்த்தோடு கட்டுவது. இதைச் செய்யவே செய்யாதீர்கள். மண்ணுக்குப் போகும் பாதையில் மொத்தம் 10 ஓம் இருந்தாலும் மேலே சொன்ன லோடில் நியூட்ரல் 50 வோல்ட் நகர்கிறது. அந்த 50 வோல்ட்டில் பெரும்பகுதி எர்த் வயர் வழியாக கீஸர், வாஷிங் மெஷின், பிரிட்ஜ் எல்லாவற்றின் உடம்பிலும் ஏறி நிற்கும். ஈரக் கையோடு தொடுகிற பொருள்கள் அவை. நியூட்ரல் தெருக் கம்பத்தில் அறுந்திருந்தால் பக்கத்து வீடுகளின் மிச்சக் கரண்ட்டும் உங்கள் எர்த் குழியைத்தான் தேடி வரும். ஆர்.சி.சி.பி.க்குப் பிறகு கட்டினாலோ அது நிற்காமல் விழும், அப்புறம் யாராவது அதையே கழற்றிவிடுவார்கள்.

மூன்றாவது, வோல்டேஜ் வரம்பு தாண்டினால் சப்ளையைத் துண்டிக்க வைக்கிற வோல்டேஜ் ரிலே. என் ஓட்டு இதற்குத்தான், ஆனால் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். மோட்டார் ஸ்டார்ட்டரில் போடுகிற பேஸ் பெயிலியர் ரிலேக்கள் பெரும்பாலும் பேஸுக்கும் பேஸுக்கும் இடையில்தான் அளக்கும். நியூட்ரல் அறுந்தாலும் அங்கே மூன்று இடத்திலும் 400 வோல்ட் அப்படியே இருக்கும், ரிலேக்கு எதுவும் தெரியாது. ஒவ்வொரு பேஸையும் நியூட்ரலோடு அளக்கிற ரிலே வேண்டும். மேல் வரம்பை 270க்கும், திரும்ப ஆன் ஆவதை மூன்று நிமிடத்துக்கும் வைப்பேன். ரிலே சொன்னபடி சப்ளையைச் சேர்த்துப் பிரிக்கிற பெரிய சுவிட்ச்தான் கான்டாக்டர்; அதன் காயில் 230 வோல்ட்டாக இருந்தால் நகர்ந்த நியூட்ரலில் காயிலே கருகும், ஆகவே இரண்டு பேஸுக்கு இடையில் கட்டுகிற 415 வோல்ட் காயில் எடுங்கள். நாலு போல் கான்டாக்டர் என்றால் நியூட்ரல் கடைசியாகப் பிரிவதாக இருக்க வேண்டும். முதலில் அது பிரிந்தால் நாமே நியூட்ரலை அறுத்த கதைதான்.

ரிலே இருந்தாலும் இணைப்பைச் சரிசெய்யாமல் விட முடியாது. அந்த வீட்டில் வெளியிலிருந்து வந்தது அலுமினிய கேபிள், உள்ளே செம்பு. இரண்டையும் நேராக ஒரே திருகில் நெருக்கியிருந்தார்கள். சப்ளையை நிறுத்தி, கருகிய நுனியை வெட்டி, அலுமினியம்-செம்பு லக் போட்டு, லிங்க்கை மாற்றினோம். நியூட்ரலில் பழைய பியூஸ் கேரியரும் ஒன்று இருந்தது, அதையும் எடுத்துவிட்டோம். பிறகு கீஸரைப் போட்டு அளந்தபோது மேல் தளத்தில் மீட்டர் முள் அசையவில்லை.