புகையா, நீரா? ஏற்காட்டுச் சரிவில் ஐம்பது மூட்டுகள்

ஏற்காட்டில் ஒரு வீட்டின் பின்புறம் கழிவுநீர் போக 150 மி.மீ. ஸ்டோன்வேர் எனும் சுட்ட களிமண் குழாயை 30 மீட்டர் நீளத்துக்குப் பதித்திருந்தோம். ஒரு குழாய் 60 செ.மீ. என்பதால் ஏறக்குறைய ஐம்பது மூட்டுகள். எல்லாமே சணல் திணித்துச் சிமென்ட் பூசியவை. பள்ளத்தை மூடுமுன் கசிவைக் கண்டறிய எந்தச் சோதனை என்ற பேச்சு எழுந்தபோது, கோடையில் தண்ணீர் லாரிக்குக் காசு எதற்கு என்று பிளம்பர் புகையைச் சொன்னார்.

புகைச் சோதனையில், வாடை வராமல் நீர் தேங்கி நிற்கும் வளைவுகளான டிராப்புகளை நீரால் நிரப்பிவிட்டு, தார்க் காகிதம் எரித்த புகையைக் குழாய்க்குள் செலுத்தி, 25 மி.மீ. நீரழுத்தத்தில் 15 நிமிடம் வைத்திருப்பார்கள். டிராப்பில் நிற்கும் நீர் பெரும்பாலும் 50 மி.மீ. மட்டுமே, அழுத்தத்தை அதற்கு மேல் கூட்டினால் புகை அந்த நீரையே தள்ளிக்கொண்டு வெளியேறும். நீர்ச் சோதனையிலோ குழாயின் மேல்முனையிலேயே 2.5 மீட்டர் நீர் நிற்கும், அதாவது நூறு மடங்கு அழுத்தம். தரையடிக் குழாய்க்கு நான் நீரையே கேட்பதற்கு இதுதான் காரணம். அடுத்த குழாயின் முனை நுழையும் அகன்ற வாயான சாக்கெட்டின் அடியில் குழி தோண்டாவிட்டால் கொத்தனாரின் விரல் அங்கே எட்டாது. பூச்சு அந்த இடத்தில்தான் குறைபடும். அங்கே கசியும் மெல்லிய புகை மண்ணுக்குள் அமுங்கிவிடும். ஏற்காட்டுக் காலைப் பனிமூட்டத்தில் மேலே வருவதையும் கண்டறிவது கடினம்.

கீழ்முனையை ரப்பர் பிளக்கால் அடைத்து, மேல்முனையில் நிமிர்ந்த குழாய் பொருத்தி நிரப்பினோம். பிடித்தது ஏறக்குறைய 530 லிட்டர். ஸ்டோன்வேரும் சிமென்ட்டும் முதலில் சிறிது நீரை உறிஞ்சும் என்பதால், ஒரு மணி நேரம் விட்டு, குறைந்ததை நிரப்பிய பிறகே அளக்கத் தொடங்கினோம். விட்டத்தின் ஒரு செ.மீ.க்கு, ஒரு கி.மீ. நீளத்துக்கு, 10 நிமிடத்தில் 2 லிட்டர் வரை குறையலாம் என்பது வழக்கிலுள்ள வரம்பு. எங்கள் குழாய்க்கு அது 2 × 15 × 0.03, அதாவது 0.9 லிட்டர். குறைந்ததோ 3 லிட்டர்.

எந்த மூட்டு என்பதை அந்த எண் சொல்லாது. புகை கண்ணுக்குத் தெரிந்தால் இடத்தையும் காட்டிவிடும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நாங்கள் மூட்டுகளைத் துடைத்து, உலர்ந்த சிமென்ட் தூளைத் தூவிப் பார்த்தோம். இரண்டு மூட்டுகளின் அடியில் தூள் கருத்தது. உடலெங்கும் ஒரே சீராக ஈரம் படிந்த குழாய்களைக் கணக்கில் எடுக்கவில்லை, அது பனி.

தரைக்கு மேல் நிற்கும் குழாயில் என் தேர்வு மாறும். சேலத்தில் மூன்று மாடி வீட்டின் கழிவுக் குழாயை 10 மீட்டர் உயரம் நீரால் நிரப்பினால், அடியிலுள்ள மூட்டு அன்றாடப் பயன்பாட்டில் காணாத சுமையைத் தாங்க நேரிடும். அங்கே வாடை கசிகிறதா என்பதே கேள்வி. அதற்குப் புகை போதும். பி.வி.சி. குழாயானால் புகையைத் தவிர்த்துக் காற்றுச் சோதனை செய்வது நல்லது.

அந்த இரண்டு மூட்டுகளையும் கொத்தி எடுத்து, அடியில் கை நுழையக் குழி தோண்டி மறுபடி பூசினோம். சிமென்ட் இறுகிய பின் அளந்தபோது 10 நிமிடத்தில் 0.6 லிட்டர் குறைந்தது. அன்று மாலையே மண் போட்டோம்.