நாடி முன்னுக்கு நிற்கிறதா, மேல்தாடை பின்னுக்கு நிற்கிறதா?

கீழ்வரிசைப் பல் மேல்வரிசைக்கு வெளியே நிற்கும் பெரியவர்கள் எங்களிடம் வந்ததும் கேட்பது இதுதான்: "கம்பி போட்டால் சரிவருமா, இல்லாட்டி ஒப்பரேஷன்தானா?" அதற்குப் பதில் சொல்லுமுன் எந்தத் தாடை இடம் மாறி நிற்கிறது என்று பார்க்கவேணும். ஊரில் எல்லாரும் "நாடி நீண்ட பொடியன்" என்று சொல்லும் ஆளுக்கு நாடி சரியான இடத்தில் இருந்து, மேல்தாடை பின்தங்கி நிற்பதும் உண்டு. மூக்கின் இரு பக்கமும் குழி விழுந்து, மேலுதடு தட்டையாகி, வாயைச் சும்மா வைத்திருக்கும்போது மேல்பல் கண்ணில் படாமல் இருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது மேல்தாடையைத்தான். பலருக்கு இரண்டிலும் பங்கு இருக்கும். முகத்தைப் பக்கவாட்டில் எடுக்கும் எக்ஸ்ரேயில் அளந்தால் தெரிந்துவிடும்.

ஒரு உதாரணத்தை வைத்தே பார்ப்போம். கோண்டாவிலைச் சேர்ந்த 24 வயதுப் பொடியன். கீழ்ப்பல் மேல்பல்லுக்கு 4 மில்லிமீட்டர் முன்னால் நிற்கிறது. மேல்தாடை பின்தங்கியிருக்கிறது, கீழ்த்தாடையும் கொஞ்சம் நீளம். தாடை வளர்ச்சி முடிந்துவிட்டது. அவன் முன்னால் நான்கு வழிகள் உண்டு.

முதலாவது, வெறும் கம்பி. கீழே இரண்டு பக்கமும் ஒவ்வொரு முன்கடைவாய்ப் பல்லைப் பிடுங்கி, அந்த இடைவெளிக்குள் கீழ் முன்பற்களைச் சாய்த்துப் பின்னுக்கு இழுப்பது. மயக்க மருந்து இல்லை, வீக்கம் இல்லை. பின்னுக்குத் தள்ளிக் கடித்தால் முன்பற்கள் நுனிக்கு நுனி தொடுகிற அளவுக்கு வித்தியாசம் சின்னது என்றால், முகத்தைப் பற்றிக் கவலையும் இல்லையென்றால், இது நல்ல வழி. ஆனால் நாடி இருந்த இடத்திலேயே இருக்கும். அளவுக்கு மிஞ்சி இழுத்தால் முன்பல் வேர் மெல்லிய எலும்பை விட்டு வெளியே தள்ளும், முரசு இறங்கிப் பல் நீண்டு தெரியும். இதைவிடப் பெரிய சங்கதி ஒன்று உண்டு. ஒப்பரேஷனுக்கு ஆயத்தமாகக் கம்பி போடும்போது பல்லை இதற்கு நேர் எதிர்ப்பக்கமாக நகர்த்தவேணும். இந்த வழியில் போய் முடித்தபின் "முகம் மாறவில்லையே" என்று ஒப்பரேஷனுக்கு வருகிறவருக்கு, மூடிய இடைவெளியைத் திரும்பத் திறக்கவேண்டி வரும். அதனால் பல்லைப் பிடுங்க முதலே முடிவெடுங்கள்.

மற்ற மூன்றும் ஒப்பரேஷன். அவற்றுக்கும் முன்னால் ஏறக்குறைய ஒன்று, ஒன்றரை வருடம் கம்பி போடவேணும். தாடை பொருந்தாததை ஈடுசெய்ய உடம்பு தானாகவே மேல்பல்லை முன்னுக்கும் கீழ்ப்பல்லைப் பின்னுக்கும் சாய்த்து வைத்திருக்கும். அந்தச் சாய்வை நிமிர்த்தினால்தான் தாடையை வேண்டிய தூரம் நகர்த்த இடம் கிடைக்கும். அதனால் இடையில் முகம் முந்தியதைவிட மோசமாகத் தெரியும்.

"டொக்டர், கம்பி போட்டு ஒரு வருசமாகுது, பிள்ளைக்குப் பல்லு இன்னும் வெளியாலதான் வருது" என்று அவன் தாய் பயந்துபோய்க் கேட்டார்.

"அப்பிடித்தான் வரவேணும் அம்மா. உண்மையான வித்தியாசம் இப்பதான் வெளியில தெரியுது."

4 மில்லிமீட்டர் 8 ஆகிவிட்டது. மேல்பல் கீழ்ப்பல்லுக்கு 2 மில்லிமீட்டர் முன்னால் நிற்பதுதான் முறையான கடி. ஆக, மொத்தம் 10 மில்லிமீட்டர் நகர்த்தவேணும். அதை எந்தத் தாடையில் எவ்வளவு எடுப்பது என்பதில்தான் முகம் தீர்மானமாகிறது.

கீழ்த்தாடையை மட்டும் 10 மில்லிமீட்டர் பின்தள்ளினால் நாடியின் தோலும் ஏறக்குறைய அதே அளவு பின்னால் போகும். கழுத்துக்கும் நாடிக்கும் இடையிலுள்ள கோடு குறுகி, மெலிந்த ஆளுக்கும் இரட்டை நாடி போலத் தெரியும். நாக்குக்குப் பின்னாலுள்ள மூச்சுவழியும் ஒடுங்கும். குறட்டை விடுகிறவர்களுக்கு இதை நான் சொல்லமாட்டேன். இவ்வளவு தூரம் தள்ளிய தாடை பழைய இடத்தை நோக்கித் திரும்பும் வாய்ப்பும் கூட. மூக்கோரக் குழியோ அப்படியே இருக்கும்.

மேல்தாடையை மட்டும் முன்னுக்குக் கொண்டுவந்தால் குழி நிறையும், மேலுதடு எழும்பும், சிரிக்கும்போது பல் தெரியும். ஆனால் மூக்குச் சிறகுகள் அகலும், மூக்கு நுனி சற்றே மேலே தூக்கும். சிறகுகளின் அடியை ஒரு தையலால் இழுத்துக் கட்டுவார்கள். அது அகலத்தைக் குறைக்கும், முழுதாகத் தடுக்காது. ஏற்கெனவே அகன்ற மூக்குள்ளவர் இதை முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளவேணும். ஐந்தாறு மில்லிமீட்டருக்கு இது அருமையான வழி. 10 மில்லிமீட்டர் என்றால் எல்லைக்கே போய்விடுகிறோம். பிறப்பிலேயே அண்ணம் பிளந்திருந்து தைத்தவர்களுக்குப் பேச்சு மூக்கால் வரவும் கூடும்.

இந்தப் பொடியனுக்கு இரண்டையும் பங்கிட்டது, மேலே 6, கீழே 4, என்பதுதான் என் பார்வையில் சரி. மூக்கு அதிகம் அகலாது, கழுத்துக்கோடும் கெடாது. ஒப்பரேஷன் நேரம் கூடும், வீக்கம் கூடும், அவ்வளவுதான் விலை.

கீழ்த்தாடையைத் தொடுகிற எந்த வழியிலும் விறைப்பு வரும். கீழுதட்டுக்கும் நாடிக்கும் உணர்ச்சி கொடுக்கும் நரம்பு அந்த எலும்புக்குள்ளாலேயே ஓடுகிறது. வாய்க்குள்ளாலேயே எலும்பை நீளவாக்கில் பிளக்கும்போது நரம்பு இழுபடும். உதடு அசையும், ஆனால் தேத்தண்ணீர் வழிந்தாலும் தெரியாது. பெரும்பாலும் மாதக்கணக்கில் திரும்பி வரும். ஒரு பங்கினருக்கு ஒரு சிறு இடம் கடைசிவரை மரத்தே இருக்கும், வயது கூடக்கூட அந்த வாய்ப்பும் கூடும். மேல்தாடையை மட்டும் நகர்த்தினால் இந்த நரம்புக்குப் பயமில்லை. அங்கே மேல்முரசும் அண்ணமும் மரக்கும், கன்னமும் மேலுதடும்கூடக் கொஞ்சக் காலம் மரத்திருக்கலாம், அது அவ்வளவாகத் தொந்தரவு தராது.

குணமாகும் காலத்தில் மூன்றுக்கும் பெரிய வித்தியாசமில்லை. இப்போது டைட்டேனியம் தகடும் ஸ்க்ரூவும் வைத்துப் பூட்டுவதால், வாயைக் கம்பியால் கட்டி வாரக்கணக்கில் வைத்திருப்பது குறைந்துவிட்டது. சின்ன ரப்பர் வளையங்கள்தான் கடியை வழிநடத்தும். வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்துக்கு வரும். இரண்டு மூன்று வாரத்தில் பெரும்பங்கு வற்றும், மீதி வற்ற ஆறு மாதமோ ஒரு வருடமோ ஆகும். ஆகவே முதல் மாதத்தில் கண்ணாடியைப் பார்த்து முகத்துக்கு முடிவு கட்டவேண்டாம். மேல்தாடை செய்தவர் இரண்டு வாரமாவது மூக்கைச் சீறக்கூடாது.

சாப்பாட்டில்தான் எங்கள் ஊர் ஆட்கள் மெலிந்துபோகிறார்கள். சும்மா தண்ணிக் கஞ்சியும் சோடாவும் குடித்தால் உடம்பு காயும். முதல் இரண்டு வாரம் பால்கஞ்சி, பருப்பும் மீனும் அவித்து மிக்சியில் அடித்து வடித்த ரசம், முட்டை அடித்த பால் என்று நாளுக்கு ஆறேழு தடவை குடிக்கவேணும். ஒடியல் கூழ் நல்ல சாப்பாடுதான், ஆனால் உறைப்பைக் குறைத்து, நண்டுக்கோதும் மீன்முள்ளும் இல்லாமல் வடிகட்டிக் கொடுங்கள். பிறகு சொதியில் நன்றாக ஊறிய இடியப்பத்தை மசித்துச் சாப்பிடலாம். ஆறு வாரம் வரை கடித்துச் சாப்பிடும் எதுவும் வேண்டாம். எலும்பு பொருந்த அவ்வளவு காலம் எடுக்கும்.

ஒப்பரேஷனுக்குப் பேராதனைப் பல் போதனா வைத்தியசாலைக்கோ கொழும்புக்கோ போய்வருகிறவர்கள் வீடு திரும்பியபின் கவனிக்க வேண்டியவை உண்டு. முதல் வாரத்துக்குப் பிறகு ஒரு பக்கம் மட்டும் திரும்ப வீங்குவது, காய்ச்சல், வாயில் சீழ் நாற்றம் என்றால் தகட்டைச் சுற்றிக் கிருமி ஏறியிருக்கலாம். நேற்றுப் பொருந்திய கடி இன்று பொருந்தவில்லையென்றால் தகடு அசைந்திருக்கலாம், ரப்பரைக் கூட்டிப் போட்டுச் சமாளிக்காமல் உடனே காட்டவேணும். மேல்தாடை செய்தவருக்கு ஒரு வாரம் கழித்தும் மூக்கால் திடீரென்று இரத்தம் பாய்ந்தால் அடுத்த கிளினிக் வரைக்கும் காத்திருக்கவேண்டாம், கண்டிக்குப் பஸ் பிடிக்கவும் நிற்கவேண்டாம். நேரே யாழ். போதனா வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள், எந்தத் தாடையை எப்போது வெட்டினார்கள் என்ற துண்டும் கையில் இருக்கட்டும்.