கேமரா பொருத்துபவருக்குப் பணம் கொடுக்கும் முன் ரௌட்டரில் இந்த எண்ணைப் பாருங்கள்

சுங்கை சிப்புட்டில் உள்ள எங்கள் மளிகைக் கடைக்குக் கேமரா பொருத்தியவர், தோட்டத்து வீட்டிலிருந்தே கைப்பேசியில் கடையைப் பார்க்கலாம் என்று சொல்லி 250 ரிங்கிட் கூடுதலாக வாங்கினார். ரௌட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் அமைத்து, வெளியிலிருந்து 8000 என்ற போர்ட்டுக்கு வரும் அழைப்பைக் கேமராவின் பதிவுப் பெட்டிக்குத் திருப்பிவிட்டார். கடைக்குள் நின்றபடியே தம் கைப்பேசியில் படத்தையும் காட்டினார். அந்தக் கைப்பேசி எங்கள் வைஃபையில்தான் இருந்தது. ஒரே வைஃபைக்குள் படம் தெரியப் போர்ட் ஃபார்வர்டிங்கே தேவையில்லை! வீட்டுக்குப் போய் மொபைல் டேட்டாவில் திறந்தால் கறுப்புத் திரை.

ரௌட்டர் பழையது என்று புதியதை விற்றார். பிறகு, மாறிக்கொண்டிருக்கும் ஐபி முகவரிக்கு மாறாத பெயர் ஒன்றைத் தரும் டிடிஎன்எஸ் சேவைக்கு ஆண்டுக் கட்டணம் கேட்டார். இணைய நிறுவனத்தை அழைத்தால், "லைன் நன்றாக இருக்கிறது" என்பதே பதில். உண்மைக் காரணத்தை இருவருமே சொல்லவில்லை.

காரணம் ரௌட்டரின் நிலைப் பக்கத்தில் இருந்தது. அங்கே `WAN IP`, அதாவது இணைய நிறுவனம் ரௌட்டருக்குக் கொடுத்த முகவரி, என்ற இடத்தில் 100.72.18.5 என்று இருந்தது. 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரிகள் இணைய நிறுவனங்களின் உள் உபயோகத்துக்காக 2012இல் ஒதுக்கப்பட்டவை. பொது இணையத்திலிருந்து அவற்றை அடைய முடியாது. வெளியுலகுக்குத் தெரிவது நிறுவனத்தின் பொது முகவரி. அதைப் பல வாடிக்கையாளர்கள் பகிர்ந்துகொள்கிறார்கள்.

தோட்ட அலுவலக முகவரிக்குப் பெயரில்லாமல் ஒரு கடிதம் வந்தால், எந்த லயத்து வீட்டுக்குக் கொடுப்பது என்று கிராணிக்கு எப்படித் தெரியும்? நாம் ஒரு தளத்தைத் திறக்கும்போது, யார் கேட்டது என்று நிறுவனத்தின் கருவி குறித்துக்கொள்கிறது. அதனால் பதில் நம்மிடம் வந்துசேர்கிறது. வெளியிலிருந்து தானாக வரும் அழைப்புக்கு அங்கே குறிப்பே இல்லை. அது அங்கேயே கைவிடப்படுகிறது. நம் ரௌட்டர் வரை வராத அழைப்பை, எத்தனை விலையுயர்ந்த ரௌட்டரும் திருப்பிவிட முடியாது. டிடிஎன்எஸ்ஸும் அந்தப் பொது முகவரிக்கு ஒரு பெயர் வைக்கிறது, அவ்வளவுதான்.

ஆகவே பணம் கொடுக்கும் முன் `WAN IP` எண்ணையும், உங்கள் ஐபி முகவரியைக் காட்டும் ஏதாவது தளத்தில் தெரியும் எண்ணையும் ஒப்பிடுங்கள். இரண்டும் வேறாக இருந்தால் நடுவில் இன்னொரு கருவி இருக்கிறது. `WAN IP` 192.168 என்று தொடங்கினால் பெரும்பாலும் அது உங்கள் கடையிலேயே உள்ள ஃபைபர் மோடம்தான். இணைப்பை அப்படியே ரௌட்டருக்குக் கடத்திவிடும் பிரிட்ஜ் முறைக்கு அதை மாற்றிவிட்டு மறுபடி பாருங்கள். 100.64 வகை என்றால் போர்ட் ஃபார்வர்டிங்குக்காக உங்கள் பக்கத்தில் எதை மாற்றினாலும் பயனில்லை. சோதனையை எப்போதும் வைஃபையை அணைத்துவிட்டுச் செய்யச் சொல்லுங்கள்.

தனிப் பொது முகவரி கிடைக்குமா என்று நிறுவனத்திடம் நேராகக் கேளுங்கள். சில திட்டங்களில் கூடுதல் கட்டணத்துக்குத் தருவார்கள், சிலவற்றில் தரவே மாட்டார்கள். எங்களுக்குத் தரவில்லை. கடைசியில் கேமரா தயாரிப்பாளரின் சொந்தச் செயலியே உதவியது. அதில் பதிவுப் பெட்டி தானே வெளியே சென்று தயாரிப்பாளரின் சர்வருடன் இணைந்துகொள்வதால், எந்தப் போர்ட்டையும் திறக்க வேண்டியதில்லை. பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்ததும் படம் வந்துவிட்டது. இதற்குத் தனிக் கட்டணம் எதுவும் இல்லை. பொருத்தியவர் 250 ரிங்கிட்டையும் ரௌட்டர் பணத்தையும் இன்னும் திருப்பித் தரவில்லை.